திருட்டு ஏணியும் கஞ்சாப் பொட்டலமும்: குற்றம் செய்யும்போது அடிபட்டவனுக்கு நஷ்டஈடு உண்டா?

முத்து_மூன்றாமாண்டு · செவ்வாய், இரவு 9.40

நஷ்டஈட்டு வழக்குகள் பற்றிய டார்ட் சட்டப் பேப்பருக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு இங்கிலாந்துத் தீர்ப்புகளில் மண்டை காய்கிறது. இரண்டும் ஒரே அப்பீல் கோர்ட், இடையில் இரண்டே வருடம்.

2011இல் டெலானி எதிர் பிக்கெட். காரில் கஞ்சாவோடு போனவர், ஓட்டிய கூட்டாளியின் கவனக்குறைவால் அடிபடுகிறார். வழக்குப் போடலாம் என்கிறது கோர்ட். 2013இல் ஜாய்ஸ் எதிர் ஓபிரையன். மாமாவும் மருமகனும் ஏணி திருடிக்கொண்டு வேனில் போகிறார்கள், மருமகன் கீழே விழுந்து தலையில் பலத்த அடி. வழக்கே கிடையாது என்கிறது அதே கோர்ட்.

ஏணியைவிடக் கஞ்சா பெரிய குற்றம்தானே? பெரிய குற்றம் செய்தவன் ஜெயிக்கிறான், சின்னத் திருடன் தோற்கிறான். யாராவது விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

நேர்பட_பேசு · செவ்வாய், இரவு 10.05

இதில் விளக்க என்ன இருக்கிறது? "எக்ஸ் டர்பி காஸா" என்று லத்தீனில் பழைய வாசகம் உண்டு. கெட்ட காரியத்தில் இருந்து வழக்கு பிறக்காது. திருடப் போனவன் கையை உடைத்துக்கொண்டால் அவன் கை, அவன் பாடு. ஏணி கேஸ்தான் சரியான தீர்ப்பு. கஞ்சா கேஸில் கோர்ட் தூங்கிவிட்டது. பரீட்சையில் அப்படியே எழுதாதே, மார்க் போடமாட்டார்கள்.

ஈஸ்ட்ஹாம்_நளினி · புதன், காலை 3.15

தம்பி முத்து, நான் லண்டனில் விபத்து வழக்குகள் பார்க்கும் ஒரு சொலிசிட்டர் அலுவலகத்தில் பதினொரு வருசமாகக் கோப்பு பார்க்கிறேன். குற்றம் பெரிதா சிறிதா எண்டு நிறுக்கிறதை விடுங்கோ. இந்த இரண்டு தீர்ப்பும் நிறுத்த விசயம் அதுவல்ல.

டெலானியை எடுங்கோ. 2006 நவம்பரில் மெர்சிடிஸ் கார் ஒன்று கட்டுப்பாடு இழந்து எதிரே வந்த வாகனத்தில் மோதியது. ஓடியவர் பிக்கெட், பக்கத்தில் டெலானி. காயப்பட்டவரின் ஜாக்கெட்டுக்குள் சுமார் 240 கிராம் கஞ்சா. ஓடியவரின் சொக்ஸுக்குள்ளும் கொஞ்சம் இருந்தது, 34 கிராம் அளவு. இரண்டு பேரும் கஞ்சா கொண்டுபோகத்தான் அந்தப் பயணம் எண்டு கீழ்க்கோர்ட் நம்பியது, வழக்கைத் தள்ளியது.

அப்பீலில் கேட்ட கேள்வி ஒன்றுதான். இந்தக் காயத்தை உண்டாக்கியது எது? பிக்கெட் ஓடிய விதம். ஜாக்கெட்டுக்குள் கஞ்சாவுக்குப் பதிலாக ஒரு கிலோ உருளைக்கிழங்கு இருந்திருந்தாலும் அந்தக் கார் அதே இடத்தில் அதே மாதிரித்தான் மோதியிருக்கும். குற்றம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் விபத்து நடந்தது, அவ்வளவுதான்.

இப்ப ஏணிக்கு வாங்கோ. 2009 ஏப்ரல். ஒரு வீட்டிலிருந்து ஏணிகளை எடுத்துப் போர்ட் டிரான்சிட் வேனில் ஏற்றுகிறார்கள். ஏணி நீளம், பின்கதவு சாத்தவில்லை. நின்று கட்ட நேரமில்லை, யாராவது பார்த்தால் பிடிபடுவார்கள். அதனால் மருமகன் வேனின் பின்படியில் நின்று ஏணியைப் பிடித்துக்கொள்கிறார், மாமா வேனை விரட்டுகிறார். இடப்பக்கம் வெட்டித் திருப்பின இடத்தில் மருமகன் றோட்டில் விழுகிறார்.

இதில் திருட்டைக் கழற்றிப் பாருங்கோ. சொந்த ஏணியாக இருந்தால் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள், மெதுவாகப் போயிருப்பார்கள், ஆள் உள்ளே ஏறி இருந்திருப்பார். படியில் தொங்கினதும் வேகமாக ஓடினதும் தப்பி ஓடுவதற்காக. அந்த ஆபத்தே திருட்டின் ஒரு துண்டு. எல்லோரும் சேர்ந்து செய்கிற குற்றம் வழமையைவிடக் கூடுதல் ஆபத்தைக் கொண்டுவரும் எண்டு முன்கூட்டியே தெரியும், அந்த ஆபத்தே நடந்தும் போச்சு எண்டால், கை வைத்தது கூட்டாளியாக இருந்தாலும் காயம் உன் குற்றத்தால் வந்ததுதான் எண்டதுதான் அந்தத் தீர்ப்பில் எலியாஸ் நீதிபதி சொன்னதன் சாரம்.

முத்து_மூன்றாமாண்டு · புதன், காலை 7.20

அக்கா, உருளைக்கிழங்கு உதாரணம் அப்படியே மனதில் நின்றுவிட்டது. நன்றி.

ஒரு சந்தேகம். கஞ்சா இல்லாவிட்டால் அந்தப் பயணமே நடந்திருக்காதே? பயணம் இல்லையென்றால் விபத்தும் இல்லை. அப்போது குற்றம்தானே காரணம்?

ஈஸ்ட்ஹாம்_நளினி · புதன், மாலை 5.50

நல்ல கேள்வி. எதிர்த்தரப்பு வக்கீல்மாரும் இதைத்தான் கேட்பார்கள். அப்படிப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் அம்மா பெற்றதுகூடக் காரணம்தான். "அது இல்லாவிட்டால் இது இல்லை" எண்டது ஒரு கேள்வி. "அது இந்த ஆபத்தைக் கூட்டியதா" எண்டது வேற. கஞ்சா அவர்களைக் காருக்குள் ஏற்றியது, ஆனால் அந்தக் காரை ஆபத்தாக்கவில்லை. பொலிஸ் துரத்தி, பிடிபடாமல் தப்பவெண்டு பிக்கெட் வேகமாக ஓடி மோதியிருந்தால் தீர்ப்பு ஏணிப் பக்கம் சாய்ந்திருக்கும்.

கொங்கு_கந்தசாமி · புதன், இரவு 8.10

ஏனுங்க, இந்த வேன் கதையெல்லாம் இருக்கட்டும். எங்க தோட்டத்துல மோட்டார் வயரு மூணு வாட்டி அறுத்துட்டுப் போயிட்டானுங்க. போலீஸ்ல சொன்னா "சிசிடிவி இருக்கா"ங்கறாங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரரு வேலில கரண்ட் குடுத்துருக்காரு. திருட வர்றவன் செத்தா அவன் கேஸ் போட முடியாதுன்னுதானே நீங்க எல்லாம் பேசிட்டு இருக்கறீங்க?

வைகை_சேது · புதன், இரவு 8.45

ஐயா, உடனே அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கரண்ட்டைப் பிடுங்கச் சொல்லுங்கள். இங்கே பேசுவது வேறு. திருடன் வழக்குப் போடுவானா என்பது அப்புறம், முதலில் ஆள் செத்தால் வேலிக்காரர் மேல் கிரிமினல் கேஸ் வரும். அந்த வேலியில் திருடன்தான் மாட்டுவான் என்று என்ன உத்தரவாதம்? ஆடு மேய்க்க வந்த பிள்ளையும் மாட்டும். நான் முப்பது வருடம் மதுரைப் பக்கம் விபத்து கேஸ் நடத்தியவன், இப்போது ஓய்வு. கம்பி வேலிச் சாவுகளைப் பார்த்திருக்கிறேன்.

கொங்கு_கந்தசாமி · புதன், இரவு 9.02

அப்ப திருடன் ஊட்டுக்காரன்கிட்டயே காசு கேக்கலாமுங்களா? இது என்ன நாயம்?

ஈஸ்ட்ஹாம்_நளினி · வியாழன், காலை 2.30

ஐயா, உங்கட கேள்விக்கு இங்கிலாந்தில் நேரடியாகவே ஒரு வழக்கு இருக்கு. டார்பிஷயரில் இல்கெஸ்டன் எண்ட ஊர். 1988. எழுபத்தாறு வயசுக் கிழவர் நியூபெரி, தோட்டக் கொட்டகையில் சாமான் திருட்டுப் போகுது எண்டு துவக்கோட உள்ளுக்கே படுத்திருந்தார். இரவு இரண்டு மணியளவில் இரண்டு பேர் வந்து கதவில் கை வைக்கிறார்கள். கிழவர் கதவில் இருந்த சின்ன ஓட்டைக்குள்ளால துவக்கை விட்டு வெடி வைத்தார். வெளியில் யார் நிக்கிறது, எவ்வளவு தூரத்தில் நிக்கிறது எண்டு அவருக்குத் தெரியாது. ரெவில் எண்டவரின் கையிலும் நெஞ்சிலும் பட்டது.

கிரிமினல் கோர்ட்டில் கிழவர் விடுதலை. திருட வந்தவருக்குத் தண்டனை. பிறகு அந்தத் திருடர் சிவில் வழக்குப் போட்டு ஜெயித்தார். முழுதாக இல்லை, மூன்றில் இரண்டு பங்கு உன் பிழை எண்டு வெட்டித்தான் குடுத்தார்கள். 1995இல் அப்பீல் கோர்ட்டும் அதை மாற்றவில்லை. திருடன் எண்டதற்காக அவன் சட்டத்துக்கு வெளியில் தள்ளப்பட்டவன் ஆகமாட்டான், அவனுக்கும் குறைந்தபட்ச அளவில் கவனம் காட்டவேணும் எண்டதுதான் காரணம்.

ஊரெல்லாம் கொதித்தது உண்மை. திருட வந்தவரைச் சுட்டுக் கொன்ற நோர்போக் பண்ணை வீட்டுக்காரர் டோனி மார்ட்டின் விவகாரத்துக்குப் பிறகு, 2003இல் ஒரு சட்டம் வந்தது. சிறைக்குரிய குற்றத்தில் தண்டனை பெற்றவர், அந்த நேரத்தில் தன்னைத் தாக்கியவர் மேல் வழக்குப் போட முதலில் கோர்ட்டின் அனுமதி வேணும். தடுத்தவர் செய்தது அளவுக்கு மிக மிஞ்சியது எண்டு காட்டினால்தான் அனுமதி.

கொங்கு_கந்தசாமி · வியாழன், காலை 6.15

ரெண்டு பங்கு வெட்டுனது கொஞ்சம் நாயம். மிச்ச ஒரு பங்குதான் நெஞ்சுல குத்துது. பக்கத்துத் தோட்டத்துக்காரருகிட்ட சொல்லிட்டேனுங்க. கேப்பாரான்னு தெரியல.

நேர்பட_பேசு · வியாழன், காலை 9.30

மூன்றில் இரண்டு வெட்டலாம் என்றால் மூன்றில் மூன்றும் வெட்டிவிடலாமே? ஏணித் திருடனுக்கும் நூறு சதவீதம் உன் தப்பு என்று முடித்திருக்கலாம். எதற்கு இவ்வளவு சுற்று?

வைகை_சேது · வியாழன், காலை 11.10

முடியாது தம்பி. நூறு சதவீதம் வெட்டுவது கணக்கிலேயே உதைக்கும். பங்கு பிரிப்பது என்றால் எதிராளி மேலும் கொஞ்சம் தப்பு இருக்கிறது என்று அர்த்தம். எதிராளி மேல் தப்பு இருந்துவிட்டால் அவன் பங்கு பூஜ்யமாக இருக்க முடியாது. பிட்ஸ் எதிர் ஹண்ட் என்று 1990இல் ஒரு வழக்கு, பைக்கில் பின்னால் இருந்தவர் பற்றியது. ஓட்டிய பையனுக்குப் பதினாறு வயது. லைசென்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, இருவருக்கும் போதை. பின்னால் இருந்தவர் "இன்னும் வேகமா" என்று உசுப்பிவிட்டு ரோட்டில் போகிறவர்களைப் பயமுறுத்திக்கொண்டே போனார்கள். கார் மோதி ஓட்டியவர் செத்தார், பின்னால் இருந்தவர் பிழைத்து வழக்குப் போட்டார்.

கீழ்க்கோர்ட்டு நூறு சதவீதம் வெட்டியதை அப்பீல் கோர்ட்டு ஏற்கவில்லை. ஆனாலும் அவர் ஜெயிக்கவில்லை, குற்றத்தில் கூட்டாளி என்பதால் வழக்கே செல்லாது என்று முடித்தது. அதனால்தான் இரண்டையும் கலக்கக் கூடாது. பங்கு வெட்டுவது கத்தரிக்கோல். குற்றத்தைக் காட்டித் தள்ளுவது கதவைச் சாத்துவது. கதவு சாத்தினால் எவ்வளவு வெட்டுவது என்ற பேச்சே வராது.

ராஜபாளையம்_பிரபு · வியாழன், மதியம் 1.25

எல்லாருக்கும் வணக்கம். மேலே படித்ததும் வயிற்றில் புளி கரைத்தது. எங்கள் விஷயமும் இப்படித்தான்.

என் தம்பி போன மாதம் இரண்டு நண்பர்களோடு டிரிபிள்ஸ் போனான். பின்னால் வந்த லாரி தட்டிவிட்டது. தம்பிக்குத் தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிவு, பிளேட் வைத்திருக்கிறார்கள். இன்சூரன்ஸ் பக்கத்து ஆள் ஒருவர் ஆஸ்பத்திரிக்கே வந்து "மூணு பேர் போனது சட்டப்படி குற்றம், கேஸ் நிக்காது, ஏதோ வாங்கிட்டு முடிச்சுக்குங்க" என்கிறார். அம்மா கையெழுத்துப் போடலாம் என்கிறார்கள். நாங்களும் அந்த ஏணித் திருடன் மாதிரிதானா?

நேர்பட_பேசு · வியாழன், மதியம் 1.50

கஷ்டமாகத்தான் இருக்கிறது பிரபு. ஆனால் மூன்று பேர் போனது சட்ட மீறல். பாதியாவது போய்விடும், தயாராக இருங்கள்.

வைகை_சேது · வியாழன், மதியம் 2.40

பிரபு தம்பி, அம்மாவிடம் எதிலும் கையெழுத்துப் போடவேண்டாம் என்று இப்போதே சொல்லுங்கள். மேலே எழுதியவர் பாதி போகும் என்கிறார், அது தானாகப் போகாது.

உங்கள் தம்பி கேஸுக்கு முகமது சித்திக் எதிர் நேஷனல் இன்சூரன்ஸ் என்ற தீர்ப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உச்ச நீதிமன்றம், 2020 ஜனவரி. 2008இல் டெல்லியில் ஒரு பைக்கில் மூன்று பேர் போகிறார்கள், பின்னால் வந்த கார் மோதி ஓர் இளைஞர் செத்துப்போகிறார். டெல்லி ஹைகோர்ட்டு "மூன்று பேராகப் போனது உங்கள் கவனக்குறைவு" என்று பத்து சதவீதம் வெட்டியது. உச்ச நீதிமன்றம் அந்தப் பத்தையும் திருப்பிக் கொடுத்தது.

ஏன் என்பதுதான் முக்கியம். மூன்று பேர் போனது மோட்டார் வாகனச் சட்டப்படி தப்பு, அதற்கு அபராதம் உண்டு. ஆனால் சட்டத்தை மீறினார் என்பது ஒன்று, அந்த மீறலால் விபத்து நடந்தது என்பது இன்னொன்று. மூன்றாவது ஆள் இருந்ததால்தான் விபத்து நடந்தது, அல்லது அதனால்தான் அடி அதிகமானது என்று எதிர்த்தரப்பு சாட்சியோடு காட்ட வேண்டும். காட்டாமல் வெட்ட முடியாது. நளினி அம்மா சொன்ன உருளைக்கிழங்கும் இதுவும் ஒன்றுதான். பின்னால் வந்த வண்டிக்கு முன்னால் போவது இரண்டு பேரா மூன்று பேரா என்பது ஒரு பொருட்டே இல்லை.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவர் விஷயத்திலும் 2008இல் சுதிர் குமார் ராணா வழக்கில் இதையேதான் சொன்னார்கள். லைசென்ஸ் இல்லாதது தனிக் குற்றம், அதனாலேயே விபத்துக்கு அவர் காரணம் ஆகிவிட மாட்டார்.

இப்போது செய்ய வேண்டியது. எஃப்.ஐ.ஆர். நகல், ஸ்டேஷனில் போட்ட ரஃப் ஸ்கெட்ச், மோட்டார் வாகன ஆய்வாளரின் ரிப்போர்ட், மூன்றையும் வாங்குங்கள். ஆய்வாளர் ரிப்போர்ட்டில் பைக்கின் எந்தப் பகுதி நசுங்கியது, லாரியின் எந்தப் பகுதியில் கீறல் என்று இருக்கும். பைக்கின் பின்சக்கரமும் மட்கார்டும் நசுங்கி, லாரியின் முன்பம்பரில் அடி என்றால் பின்னால் இருந்து மோதியது எழுத்திலேயே வந்துவிட்டது. பக்கவாட்டில் அடி என்றால் யார் யாரை உரசினார்கள் என்ற சண்டை வரும், அங்கேதான் மூன்றாவது ஆளை இழுப்பார்கள். பெட்டிஷன் போட ஆறு மாதக் கெடு என்று சட்டத்தில் இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

ராஜபாளையம்_பிரபு · வியாழன், மாலை 6.05

ஐயா, ரொம்ப நன்றி. அம்மாவிடம் பேசிவிட்டேன், பேனாவைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். தம்பி ஹெல்மெட்டும் போடவில்லை, அதையும் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள்.

வைகை_சேது · வியாழன், மாலை 6.30

தலையில் அடி உண்டா? தொடை முறிவுக்கும் ஹெல்மெட்டுக்கும் என்ன சம்பந்தம்? அதையே அவரிடம் கேளுங்கள்.

முத்து_மூன்றாமாண்டு · வியாழன், இரவு 9.15

ஐயா, அக்கா, இரண்டு நாட்டுச் சட்டமும் ஒரே கேள்வியில் வந்து நிற்பது ஆச்சரியமாக இருக்கிறது. ஆனால் எங்கள் பேராசிரியர் "2016க்குப் பிறகு இங்கிலாந்தில் எல்லாம் மாறிவிட்டது, பட்டேல் எதிர் மிர்சாவைப் படி" என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்படியானால் ஜாய்ஸ் இப்போது செல்லுமா?

ஈஸ்ட்ஹாம்_நளினி · வெள்ளி, காலை 1.50

அதில்தான் நாங்களே சண்டை பிடிக்கிறோம்.

பட்டேல் வழக்கு விபத்தே இல்லை. வங்கிப் பங்கு விலை பற்றி உள்ளுக்குள்ளால தகவல் வரும், அதை வைத்துப் பந்தயம் கட்டலாம் எண்டு பட்டேல் மிர்சாவிடம் 620,000 பவுண் குடுத்தார். தகவல் வரவில்லை, பந்தயமும் நடக்கவில்லை, காசைத் திருப்பிக் கேட்டார். குடுக்கச் சொல்லி ஒன்பது நீதிபதிகளும் ஒத்துக்கொண்டார்கள், காரணத்தில்தான் பிரிந்தார்கள். பெரும்பான்மை சொன்னது, வழக்கைத் தள்ள முன்னம் மூன்று விசயத்தைப் பார். மீறப்பட்ட சட்டம் எதற்காக வந்தது, வழக்கைத் தள்ளினால் அந்த நோக்கம் நிறைவேறுமா? தள்ளுவதால் வேற எந்தப் பொதுநலன் கெடும்? தள்ளுவது குற்றத்தின் அளவுக்கு ஏற்றதா?

இந்த மூன்றாவதில் உங்கட முதல் கேள்வி திரும்ப வந்துவிட்டது பாருங்கோ. குற்றம் பெரிதா சிறிதா எண்டதை இப்ப பார்க்கலாம். ஏணித் திருட்டுக்கு வாழ்நாள் முழுக்க மூளைக் காயத்தோட நஷ்டஈடு இல்லாமல் இருப்பது அளவானதா? ஆனால் எங்கட சீனியர் சொல்லுவார், காயம் குற்றத்தால் வந்ததா எண்ட கேள்வி அந்த அளவுக்குள்ளேயே வருது, அதனால் ஜாய்ஸ் இன்றைக்கும் தோற்பார் எண்டு. எனக்கு அந்த அளவு நிச்சயம் இல்லை.

இன்னொரு விசயம், பாடப்புத்தகத்தில் ஒரு வரியில்தான் வரும். டெலானி அந்த வாதத்தில் ஜெயித்தும் அந்த வழக்கில் காசு பார்க்கவில்லை. பிக்கெட் முக்கியமான விசயங்களை மறைத்து பொலிசி எடுத்தவர், அதனால் கம்பனி பொலிசியையே ரத்தாக்கிவிட்டது. இன்சூரன்ஸ் இல்லாத வாகனத்தால் அடிபட்டவர்களுக்கு வேற ஏற்பாடு ஒன்று இருக்கு. அதில் "வாகனம் குற்றத்துக்குப் பாவிக்கப்படுவது தெரிந்தே ஏறியவருக்கு இல்லை" எண்டு ஒரு விலக்கு. கதவு திறந்தது, உள்ளே பெட்டி காலி.

மனிசன் விடவில்லை. அந்த விலக்கு ஐரோப்பியச் சட்டத்துக்கு முரண் எண்டு அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டு, 2015இல் அப்பீல் கோர்ட்டிலும் ஜெயித்தார். விபத்து நடந்து எட்டு வருசத்துக்கு மேல். கோப்பு திறக்கும்போது "யார் பிழை" எண்டதோட "யார் குடுப்பான்" எண்டதையும் முதல் நாளே பார்க்கச் சொல்லி எங்கட அலுவலகத்தில் திட்டு விழுவது இதனால்தான்.

நேர்பட_பேசு · வெள்ளி, காலை 8.40

கஞ்சாக்காரனுக்கு அரசாங்கமே காசு கொடுத்ததா! சரி, உருளைக்கிழங்கு வாதம் புரிகிறது. ஆனால் ஏணித் திருடன் தோற்றதால் தப்பித்தது யார்? ஓட்டிய மாமாவும் இன்சூரன்ஸ் கம்பெனியும். அவனும் திருடன்தானே? இதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஈஸ்ட்ஹாம்_நளினி · வெள்ளி, மாலை 5.30

எனக்கும்தான்.

ராஜபாளையம்_பிரபு · சனி, மாலை 4.10

சேது ஐயா, ஆய்வாளர் ரிப்போர்ட் கிடைத்துவிட்டது. பைக்கில் பின்சக்கர ரிம் வளைவு, பின்மட்கார்டு நசுங்கல், வலது ஃபுட்ரெஸ்ட் உடைவு. லாரியில் முன்பம்பர் இடது ஓரத்தில் அடி. பிரேக் நல்ல நிலையில் இருந்ததாக எழுதியிருக்கிறது. ஆனால் எஃப்.ஐ.ஆரில் லாரி டிரைவர் "பைக் தள்ளாடி என் முன்னால் வந்தது" என்று சொன்னதாக இருக்கிறது.

வைகை_சேது · சனி, இரவு 7.55

பின்சக்கரம் நமக்குச் சாதகம். வலது ஃபுட்ரெஸ்ட்டைத்தான் அவர்கள் பிடிப்பார்கள். மூன்று பேர் இருந்ததால் பேலன்ஸ் போய் வலது பக்கம் சாய்ந்தது என்று சொல்லத்தான் அந்த "தள்ளாடி" என்ற வார்த்தை. பைக் விழுந்த பக்கம் வலதா என்று தம்பியிடம் கேளுங்கள், விழுந்ததில் உடைந்திருக்கலாம். ஸ்கெட்ச்சில் பைக் கிடந்த இடம் இடது ஓரமா, நடு ரோடா? அதைப் பார்க்காமல் நான் வாய் விட மாட்டேன். ஸ்கெட்ச் வந்ததும் போட்டோ எடுத்துப் போடுங்கள், பெயர், நம்பரை மறைத்துவிட்டு.